மணிக்கு ஒரு ரவுண்டு தவறாமல் போயும் 90 நிமிட இடைவெளி விழுகிறது: எங்கே பிழை?

கங்கைகொண்டான் சூப்பர்வைசர்

அனைவருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் பக்கத்தில் பஞ்சுப் பொதிகளும் தவிட்டு மூட்டைகளும் அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கு வளாகத்தில் நான் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரண்டு பேர் டூட்டியில் இருப்பார்கள். ஒருவர் கேட்டை விட்டு நகரக் கூடாது, மற்றவர் ரவுண்டு போக வேண்டும், அடுத்த ரவுண்டுக்கு ஆள் மாறிக்கொள்வார்கள். சுற்றுச்சுவரை ஒட்டி எட்டு பாயிண்ட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுவரில் பதித்த சிறு உலோகப் பட்டனில், ரவுண்டு போகிறவர் கையில் கொண்டுபோகும் பேட்டன் என்ற பதிவுக் கருவியை வைத்தால் நேரம் பதிவாகிவிடும்.

எந்த பாயிண்டையும் 60 நிமிடத்திற்கு மேல் ஆள் பார்க்காமல் விடக் கூடாது என்பது கிடங்குக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கும் நிபந்தனை. ஆகவே மணி அடித்ததும் ரவுண்டு புறப்பட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஆள் எந்தப் பக்கம் வருவான் என்று வெளியாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, ஒரு ரவுண்டு வலமாகப் போனால் அடுத்தது இடமாகப் போக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். என் பையன்கள் இதை ஒழுங்காகவே செய்கிறார்கள். மாதாந்திர அறிக்கையில் எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்திருக்கிறது. இருந்தும் போன வாரம் கணக்குப் பார்க்க வந்தவர் பதிவுகளை எடுத்து, 1ஆம் பாயிண்டிலும் 8ஆம் பாயிண்டிலும் இரவு முழுவதும் 90 நிமிட இடைவெளி மாறி மாறி வருகிறது என்று காட்டினார். புறப்பாடு ஒன்றுகூடத் தவறவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். பேட்டனின் கடிகாரம் பழுதாக இருக்குமோ?

பாளை ஓய்வுக்காரர்

முப்பது ஆண்டுகள் இரவு ரோந்து போனவன் என்ற முறையில் சொல்கிறேன். திசை மாற்றி நடப்பது மிகச் சரியான பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். ஒரே வழியில் ஒரே நேரத்தில் போகும் காவலர் திருடனுக்குக் கால அட்டவணை எழுதிக் கொடுக்கிறார். கடிகாரத்தை ஒருமுறை சரிபாருங்கள். அதற்கு மேலும் இடைவெளி வந்தால், மணிக்கு ஒரு முறை என்பதை 45 நிமிடத்திற்கு ஒரு முறை என்று ஆக்கிவிடுங்கள், தீர்ந்துவிடும்.

பழைய வாட்ச் அண்ட் வார்டு

தம்பி, கடிகாரத்தைக் குறை சொல்லும் முன் ஒரு விவரம் வேண்டும். கேட்டிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு பாயிண்டுக்கும் எத்தனையாவது நிமிடத்தில் போய்ச் சேருகிறீர்கள், திரும்பக் கேட்டுக்கு வர மொத்தம் எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதுங்கள். அதைப் பேட்டன் பதிவிலிருந்து எடுக்க வேண்டாம். ஒரு நாள் இரவு நீங்களே டார்ச் எடுத்துக்கொண்டு, பூட்டை இழுத்துப் பார்த்து, சுவரோரம் வெளிச்சம் அடித்துப் பார்த்து, உங்கள் ஆள் நடக்க வேண்டியபடி நடந்து குறித்து வாருங்கள்.

கங்கைகொண்டான் சூப்பர்வைசர்

நேற்று இரவு நடந்து பார்த்தேன், அண்ணாச்சி. சுற்று ஏறத்தாழ 1,400 மீட்டர் இருக்கும். வலமாகப் போகும்போது 1ஆம் பாயிண்டுக்கு 3ஆவது நிமிடம், அதன் பின் வரிசையாக 7, 11, 16, 21, 25, 29, கடைசியாக 8ஆம் பாயிண்டுக்கு 33ஆவது நிமிடம். 36ஆவது நிமிடத்தில் கேட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு பாயிண்டிலும் ஒரு நிமிடம் நின்றது இதில் சேர்ந்திருக்கிறது. 4ஆம் பாயிண்ட் மின் பலகை அறை, 6ஆம் பாயிண்ட் பஞ்சுப் பொதிக் கொட்டகை.

பழைய வாட்ச் அண்ட் வார்டு

கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. பிழை திசை மாற்றுவதில் இருக்கிறது.

1ஆம் பாயிண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்கு வலமாகப் புறப்பட்ட ஆள் அங்கே 10.03க்குப் போய்விடுகிறார். 11 மணிக்கு இடமாகப் புறப்படுகிறவருக்கு அதே பாயிண்ட் கடைசியாக வருகிறது, அவர் அங்கே போய்ச் சேர 11.33 ஆகிறது. இடைவெளி 90 நிமிடம். 12 மணிக்கு மறுபடி வலமாகப் போகிறவர் 12.03க்கே அங்கே நிற்கிறார், அப்போது இடைவெளி 30 நிமிடம்தான். 8ஆம் பாயிண்டுக்கு இதே கதை எதிர்த்திசையில் நடக்கும். சராசரி எடுத்தால் அழகாக 60 வரும், ஆனால் நிபந்தனை சராசரியைப் பற்றியது அல்லவே. நடுவில் இருக்கும் 4ஆம் பாயிண்டும் தப்பவில்லை: 10.16க்குப் பார்த்தது, இடச்சுற்றில் 11.20க்கு வரும், 64 நிமிடம். 5ஆம் பாயிண்டில் அடுத்த மாற்றத்தின்போது 66 வரும். எட்டு பாயிண்டில் ஒன்றுகூட உங்கள் நிபந்தனைக்குள் இல்லை. ஓரங்களில் அளவு பெரிது என்பதால் கணக்குப் பார்த்தவர் கண்ணில் அவை இரண்டும் முதலில் பட்டிருக்கின்றன.

45 நிமிடமாகக் குறைத்தால் தீரும் என்று ஓய்வுக்கார அண்ணாச்சி சொன்னதையும் போட்டுப் பாருங்கள். வலமாக 10.03, பிறகு 10.45க்கு இடமாகப் புறப்பட்டு 11.18. இடைவெளி 75 நிமிடம். உட்காரவே விடாமல் 36 நிமிடத்திற்கு ஒன்று என்று தொடர்ந்து நடக்க விட்டாலும் 66 வரும். ஆகவே உங்கள் வளாகத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் நடக்க முடியும் என்ற நிலையில், ஒன்று விட்டு ஒன்று திசை மாற்றிக்கொண்டே 60 நிமிடத்தைக் காப்பாற்ற வழியே கிடையாது.

ஒரே திசையில் நடந்தால் கணக்கு எளிதாகிவிடும். எல்லா பாயிண்டுக்கும் இடைவெளி என்பது இரண்டு புறப்பாடுகளுக்கு இடையே உள்ள நேரமே. அதை 60 என்று வைக்காதீர்கள், 42க்கும் 52க்கும் நடுவே வையுங்கள். நடை ஐந்து நிமிடம் தாமதமானாலும் 57க்குள் நிற்கும்.

விடுதி நைட் டூட்டி

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் இரவுக் காவலில் இருக்கிறேன், எங்களுக்கு மூன்று மாடி, ஒரே படிக்கட்டு. மேலே போய்விட்டு அதே வழியாகத்தான் இறங்க வேண்டும். அப்படியானால் நானும் ஒவ்வொரு முறையும் திசை மாற்றித்தானே நடக்கிறேன்? எனக்கும் இந்தக் கணக்கு இடிக்குமா, அண்ணாச்சி? 45 நிமிடத்திற்கு ஒரு முறை ஏறுகிறேன், ஏறும்போதும் இறங்கும்போதும் பஞ்ச் செய்கிறேன்.

பழைய வாட்ச் அண்ட் வார்டு

உங்களுக்கு இடிக்காது, தங்கச்சி. ஒவ்வொரு முறையும் கீழிருந்தே தொடங்கி மேலே போகிறீர்கள், ஆகவே ஏறும்போது விழும் பஞ்ச்களுக்கு இடையே எந்த மாடியிலும் 45 நிமிடம்தான் இருக்கும். இறங்கும்போது விழுபவை கூடுதல் வருகைகள். கூடுதலாக ஒரு முறை போய்ப் பார்ப்பதால் எந்த இடைவெளியும் நீளாது, இருக்கிற இடைவெளிதான் இரண்டாக உடையும். ஆனால் ஏறும்போது பஞ்ச் செய்ய மறந்து இறங்கும்போது மட்டும் செய்தீர்களானால், தம்பிக்கு வந்த சிக்கல் சிறிய அளவில் உங்களுக்கும் வரும்.

பாளை ஓய்வுக்காரர்

கணக்கை ஒப்புக்கொள்கிறேன், 45 நிமிடம் போதும் என்று நான் சொன்னது தவறுதான். ஆனால் என் கவலை போகவில்லை. ஒரே திசையில் நடந்தால், இருட்டில் மதிலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவன் டார்ச் வெளிச்சம் கடந்து போவதைப் பார்த்த நொடியே, இனி 40 நிமிடத்திற்கு இங்கே ஆள் வராது என்று தெரிந்துகொள்வான். புறப்படும் நேரத்தை ஐந்து பத்து நிமிடம் முன்பின்னாக மாற்றினாலும் அந்த 40 நிமிடம் அவனுக்கு உறுதி. களவு வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

பழைய வாட்ச் அண்ட் வார்டு

நியாயமான கேள்வி. விடுதித் தங்கச்சிக்குச் சொன்னதிலேயே இதற்கும் பதில் இருக்கிறது. எதிரி ஊகிக்க முடியாதபடி செய்ய வேண்டுமென்றால், இருக்கும் வருகையை இடம் மாற்றாதீர்கள், அதன் மேல் ஒன்றைக் கூட்டுங்கள். முழுச்சுற்று ஒரே திசையில் நடக்கட்டும். அது முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கையில் இருக்கும் அல்லவா, அதில் கேட்டிலிருந்து எதிர்த்திசையில் 8ஆம் பாயிண்ட் வரை போய்த் திரும்பினால் ஆறே நிமிடம். 1ஆம் பாயிண்டுக்கும் அதே ஆறு நிமிடம். பின்பக்கத்துக்குப் போகக் குறுக்கு வழி ஏதேனும் இருக்கிறதா, தம்பி?

கங்கைகொண்டான் சூப்பர்வைசர்

இரண்டாவது கிடங்குக்கும் மூன்றாவது கிடங்குக்கும் நடுவே லாரி போகும் பாதை இருக்கிறது. அதன் வழியே போனால் 4ஆம் பாயிண்டுக்கு ஐந்து நிமிடம்.

பழைய வாட்ச் அண்ட் வார்டு

அப்படியென்றால் பத்து நிமிடத்தில் பின்பக்கம் போய் வரலாம். ஓர் இரவில் நான்கைந்து தடவை இப்படிக் குறுக்கே போய் வந்தால் போதும். எந்தச் சுற்றுக்குப் பின், எந்தப் பக்கம் என்பதை ஆளின் விருப்பத்திற்கு விடாதீர்கள், விட்டால் நாளடைவில் அதுவும் பழக்கமாகிவிடும். டூட்டி தொடங்கும்போது சீட்டுக் குலுக்கி எடுத்து நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஓய்வுக்கார அண்ணாச்சி சொன்ன அந்த 40 நிமிட உறுதி மதிலுக்கு வெளியே இருப்பவனுக்கு இனி இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் 60 நிமிட நிபந்தனை திருடனுக்காக மட்டும் வந்தது அல்ல என்று நினைக்கிறேன். பஞ்சுப் பொதிக்குள் பிடித்த நெருப்பு உடனே சுடர்விட்டு எரியாது, உள்ளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குப் புகை தெரியும் முன் மூக்குக்குக் கருகல் வாடை தெரியும். நான் மில்லில் இருந்த காலத்தில் பொதிக் கொட்டகை வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்க்காமல் எந்த வாட்ச்மேனையும் நகர விட்டதில்லை. அப்போது பேட்டன் கிடையாது. தோல் உறைக்குள் கனமான கடிகாரம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள், ஒவ்வொரு பாயிண்டிலும் சங்கிலியில் ஒரு சாவி தொங்கும், அந்தச் சாவியைக் கடிகாரத்தில் விட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் காகிதத் தட்டில் அந்தப் பாயிண்டின் எண் பதியும். காலையில் தட்டைப் பிரித்தால் இரவு முழுவதும் ஒரே பார்வையில் வட்டமாகத் தெரியும், இரண்டு எண்களுக்கு நடுவே வெள்ளை அகலமாகக் கிடந்தால் உடனே ஆளைக் கூப்பிட்டுக் கேட்போம். இன்றைய அறிக்கைகளில் அந்த வெள்ளை கண்ணில் படுவதில்லை என்பது என் வருத்தம்.

தாழையூத்து எம்.ஐ.எஸ்.

அண்ணாச்சி கடைசியாகச் சொன்னதுதான் அறிக்கையில் நடந்திருக்கும் பிழை. பேட்டனோடு வரும் மென்பொருள்கள் பலவும் மணிக்கட்டம் போட்டு டிக் அடிக்கின்றன: 10 முதல் 11 வரை ஒரு பஞ்ச் இருந்தால் ஒரு டிக், 11 முதல் 12 வரை இருந்தால் இன்னொரு டிக். 10.02க்கு ஒரு முறையும் 11.58க்கு ஒரு முறையும் போன பாயிண்டுக்கு இரண்டு டிக்கும் விழும், இடைவெளியோ 116 நிமிடம். மணிக்கு ஒரு முறை என்பதும் 60 நிமிடத்திற்கு மேல் விடக் கூடாது என்பதும் வேறு வேறு நிபந்தனைகள்.

நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால் பதிவுகளை எக்செல்லில் இறக்கி, முதலில் பாயிண்ட் எண் வாரியாகவும் அதற்குள் நேர வாரியாகவும் வரிசைப்படுத்துங்கள். A பத்தியில் பாயிண்ட், B பத்தியில் தேதியும் நேரமும் இருந்தால், முதல் பதிவு 2ஆம் வரியில் இருக்கும் நிலையில், C3இல் இதைப் போட்டு கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(A3=A2,(B3-B2)*1440,"")
```

ஒவ்வொரு வருகைக்கும் முன் எத்தனை நிமிடம் ஆள் இல்லை என்பது வந்துவிடும். B பத்தியில் தேதி இல்லாமல் நேரம் மட்டும் இருந்தால் நள்ளிரவைத் தாண்டும் இடத்தில் தப்பாக வரும். வரிசைப்படுத்தும்போதே 00.33 பதிவு 23.43க்கு மேலே போய்விடும், இரண்டுக்கும் நடுவே 50 என்று வர வேண்டியது வராமலே போகும்.

அதே பதிவை நேர வாரியாக மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். உங்கள் வளாகத்தில் அடுத்தடுத்த பாயிண்ட்களுக்கு இடையே நான்கைந்து நிமிட நடை இருக்கிறது. அரை நிமிடத்தில் இரண்டு பாயிண்ட் விழுந்திருந்தால், பட்டனைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கேட்டில் உட்கார்ந்தபடியே தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். நான் பார்த்த ஒரு இடத்தில் எட்டுப் பட்டனும் மேசை இழுப்பறையில் வரிசையாக இருந்தன.

வள்ளியூர் காற்றாலை

இதற்கெல்லாம் எந்தச் செயலி நன்றாக இருக்கும், விலை என்ன ஆகும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் யார்டில் காற்று அடிக்கிற மாதங்களில் கியூ.ஆர். ஸ்டிக்கர் பிய்ந்து போய்விடுகிறது.

தாழையூத்து எம்.ஐ.எஸ்.

ஸ்டிக்கருக்குப் பதிலாக உலோகப் பட்டனோ கெட்டி உறைக்குள் இருக்கும் டேக்கோ போடுங்கள். செயலியைப் பற்றித் தனி இழை தொடங்கினால் அங்கே பேசலாம், இங்கே நேரக் கணக்கோடு நின்றுகொள்வோம்.

கங்கைகொண்டான் சூப்பர்வைசர்

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 90, 30, 90, 30 என்று படிக்கட்டு போல இறங்கி ஏறுகிறது. மூன்று மாதமாக நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறிக்கைகளுக்கு அடியில் இது கிடந்திருக்கிறது என்பது மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது.

புதிய அட்டவணை எழுதியிருக்கிறேன். இரவு 10.05க்கு முதல் புறப்பாடு, பிறகு 10.52, 11.36, 12.27 என்று 44க்கும் 51க்கும் இடையே மாறிக்கொண்டு பத்துச் சுற்று. எழுதும்போது ஷிப்ட் மாறும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு 10 மணியிலிருந்து 50 நிமிடத்திற்கு ஒன்று என்று போட்டால் கடைசிச் சுற்று 5.30க்குப் புறப்பட்டு 6.06க்கு முடிகிறது, 6 மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர் 6ஆம் பாயிண்டைத் தாண்டும்போதே கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுவார். அதனால் கடைசிப் புறப்பாட்டை 5.18 என்று வைத்தேன், 5.54க்கு ஆள் திரும்பிவிடுவார், பகல் ஷிப்ட்காரர் 6.10க்குப் புறப்பட வேண்டும். அதேபோல் மாலை ஷிப்ட்காரர் கடைசியாக 9.15க்குப் புறப்பட வேண்டும் என்றும் எழுதினேன். இத்தனை நாள் ஒவ்வொரு ஷிப்டையும் தனித்தனியாகப் பார்த்ததால், இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியை யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை.

இப்போது என் கேள்வி: நடுவழியில் ஏதாவது தடங்கல் வந்தால் என்ன செய்வது? 5ஆம் பாயிண்டில் பூட்டு திறந்து கிடந்து, 15 நிமிடம் அங்கேயே நிற்க வேண்டி வந்தால்?

பழைய வாட்ச் அண்ட் வார்டு

நிற்க வேண்டியதுதான். பூட்டு திறந்து கிடக்கும்போது பேட்டனுக்காக ஓடக் கூடாது. ஆனால் எந்த பாயிண்ட் பாதிக்கப்படும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1 முதல் 5 வரை ஏற்கெனவே பார்த்தாயிற்று, அவற்றுக்குச் சேதமில்லை. 6, 7, 8 மூன்றுக்கும் அந்த 15 நிமிடம் அப்படியே கூடும். முந்தைய புறப்பாட்டிலிருந்து 50 நிமிடம் ஆகியிருந்தால் 65 ஆகிவிடும், பஞ்சுக் கொட்டகையும் அதில் இருக்கிறது. அந்த மூன்றும் கேட்டிலிருந்து எதிர்த்திசையில் முதலில் வரும் பாயிண்ட்கள் என்பதைக் கவனியுங்கள். போனில் தகவல் வந்ததும் கேட்டில் இருப்பவர் எதிர்த்திசையில் புறப்பட்டால் 8ஆம் பாயிண்டுக்கு 3 நிமிடம், 7க்கு 7 நிமிடம், 6ஆம் பாயிண்டுக்கு 11 நிமிடம். மூன்றும் 60க்குள் வந்துவிடும்.

பாளை ஓய்வுக்காரர்

இங்கே நான் உடன்பட மாட்டேன். பூட்டு திறந்து கிடக்கிறது என்றால் உள்ளே ஆள் இருக்கலாம். அந்த நேரத்தில் கேட்டை வெறுமையாக விட்டுவிட்டு மற்றவரையும் இருட்டுக்குள் அனுப்புவது, வந்தவன் வெளியே போக வழி திறந்துவிடுவதாகும். 65 நிமிடம் ஆனால் ஆகட்டும். காரணத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய வாட்ச் அண்ட் வார்டு

களவு சந்தேகம் என்றால் நீங்கள் சொல்வது சரி, அண்ணாச்சி. லாரிக்காரர் வழி கேட்டு நின்றது, மின்விளக்கு அணைந்தது, பாம்பு வந்தது போன்ற தடங்கலுக்கு நான் சொன்னதைச் செய்யலாம், அப்போதும் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கிடங்குக்காரர்களிடம் இதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. நள்ளிரவில் இரண்டு பையன்கள் தாங்களாக முடிவெடுக்கும்படி விடாதீர்கள்.

கங்கைகொண்டான் சூப்பர்வைசர்

பத்து இரவுகள் ஆகிவிட்டன. ஒன்பது இரவுகளில் மிகப் பெரிய இடைவெளி 56 நிமிடம். ஓர் இரவு நல்ல மழை, 5ஆம் பாயிண்டுக்கும் 7ஆம் பாயிண்டுக்கும் நடுவே உள்ள கரிசல் தடத்தில் செருப்பு புதைந்து, சுற்று 36க்குப் பதில் 44 நிமிடம் எடுத்தது. அன்று 8ஆம் பாயிண்டில் 59 வந்தது. ஐப்பசி முழுவதும் இப்படி இருக்கும் என்பதால் மழை இரவுகளுக்கு 48 நிமிடத்தைத் தாண்டாத தனி அட்டவணை எழுதி கேட் அறையில் ஒட்டியிருக்கிறேன். அந்த இரவுகளில் ஆள் திரும்பிய பின் நான்கு நிமிடம்தான் மிஞ்சுகிறது, சுற்று முடியும் முன் கேட்டில் இருப்பவரும் நகர முடியாது என்பதால், குறுக்கே போய் வருவதை அன்றைக்கு விட்டுவிடச் சொல்லிவிட்டேன். தடத்தில் சரளை கொட்டித் தரும்படி கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

கேட்டை விட்டு நகர்வது பற்றிக் கிடங்குக்காரர்களுக்குக் கடிதம் கொடுத்தேன். கேட்டும் காலியாக இருக்கக் கூடாது, 60 நிமிடமும் தாண்டக் கூடாது என்று இரண்டையுமே வற்புறுத்துகிறார்கள். அப்படியானால் இரவுக்கு மூன்றாவது ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விடுதி நைட் டூட்டி

மூன்றாவது ஆள் கிடைத்தால் எழுதுங்கள், அண்ணா. எங்கள் விடுதியில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், ஏறிப் போகும்போது கீழ்க்கதவைப் பார்க்க யாரும் இல்லை.